eˣ, ln x, tan⁻¹ x: முனைகளில் என்ன நடக்கிறது? ஆறு வரி அட்டவணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஏ.எல். கணிதப் பிரிவு மாணவர்களும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டுக்காரரும் வகுப்பு முடிந்த பிறகு என்னைக் கேட்ட கேள்விகள் இவை. கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். கணிப்பான் எண்கள் எல்லாம் வீட்டில் தட்டிப் பார்ப்பதற்கு மட்டும். நிறுவலில் அவற்றுக்கு இடமில்லை.

சேர், டியூட்டில் இருபதுக்கு மேல் எல்லைகள் கிடக்கு. உண்மையில் எத்தனையைப் பாடமாக்க வேணும்?

ஆறு.

| சார்பு | t போகும் இடம் | சார்பு போகும் இடம் |
|---|---|---|
| eᵗ | +∞ | +∞ |
| eᵗ | −∞ | 0⁺ |
| ln t | +∞ | +∞ |
| ln t | 0⁺ | −∞ |
| tan⁻¹ t | +∞ | π/2, கீழிருந்து |
| tan⁻¹ t | −∞ | −π/2, மேலிருந்து |

டியூட்டில் உள்ள மற்றவை பெரும்பாலும் இந்த ஆறிலிருந்து பிறந்தவை. e⁻ˣ, ln(1/x), tan⁻¹(1/x), e^(1/x) எல்லாம் அப்படித்தான். வேண்டுமென்றே x ஐ விட்டு t என்று எழுதியிருக்கிறேன். அட்டவணை x ஐப் பற்றியது அல்ல, சார்பின் அடைப்புக்குள் இருப்பது எதுவோ அதைப் பற்றியது. e^(1/x) என்றால் t என்பது 1/x. முதலில் t எங்கே போகிறது என்று பாருங்கள், அப்புறம் அட்டவணைக்கு வாருங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி "x → 0, அப்ப e⁰ = 1" என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

ஆறும் மறந்து போனால்?

இரண்டு வரைபுகளைக் கீறுங்கள், போதும். ஒன்று eˣ. இடப்பக்கம் x அச்சை ஒட்டிக்கொண்டு வந்து, (0, 1) இல் y அச்சைக் கடந்து, வலப்பக்கம் எகிறும். அதை y = x என்ற கோட்டில் தெறிக்க வைத்தால் ln x கிடைக்கும். eˣ க்குக் கிடையாக இருந்த அணுகுகோடு ln x க்கு நிலைக்குத்தாக மாறிவிடும். "eᵗ, t → −∞, 0⁺" என்ற வரியில் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் இடம் மாற்றினால் "ln t, t → 0⁺, −∞" வரும். ஆக, அது ஒரே வரிதான்.

மற்றது tan x இன் நடுக்கிளை, அதாவது −π/2 க்கும் π/2 க்கும் இடைப்பட்ட துண்டு. அதற்கு இரண்டு கரையிலும் நிலைக்குத்து அணுகுகோடுகள் உண்டு. தெறித்தால் அவை y = π/2, y = −π/2 என்ற கிடைக்கோடுகளாகின்றன. வளையி அவற்றுக்கு நடுவே ஓடுவதால் ஒன்றைக் கீழிருந்தும் மற்றதை மேலிருந்தும் அணுகுகிறது.

0 க்கு மேல் அந்தச் சின்ன + எதுக்கு? 0 என்று எழுதினால் புள்ளி குறைப்பார்களா?

அது கடைசி விடையாக இருந்தால் 0 என்றே எழுதுங்கள், எல்லையின் பெறுமானம் 0 தான். ஆனால் அந்த 0 இன்னொரு சார்புக்குள் போகப் போகிறதென்றால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற செய்தி உங்களுக்கு வேண்டும். ln ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 0⁺ கொடுத்தால் −∞ தரும். 0⁻ கொடுத்தால் ஒன்றும் தராது, அங்கே அதற்கு ஆட்சியே இல்லை. 1/t இன்னும் மோசம், பக்கம் மாறினால் +∞ க்கும் −∞ க்கும் இடையில் புரளும்.

e^(1/x) ஐ x = 0 க்கு அருகில் பாருங்கள். வலப்பக்கத்திலிருந்து வந்தால் 1/x → +∞, ஆகவே e^(1/x) → +∞. இடப்பக்கத்திலிருந்து வந்தால் 1/x → −∞, ஆகவே e^(1/x) → 0⁺. ஒரே புள்ளிக்கு ஒரு பக்கத்தில் சுவர், மறுபக்கத்தில் தரை. x → 0 எனும்போது எல்லை கிடையாது. x = 0.01 போட்டால் e¹⁰⁰, ஏறத்தாழ 2.7 × 10⁴³. x = −0.01 போட்டால் அதன் தலைகீழ்.

π/2 க்கும் இதே கதை. tan⁻¹ x கீழிருந்து அணுகுவதால் π/2 − tan⁻¹ x என்பது 0⁺. அதனால்தான் ln(π/2 − tan⁻¹ x) க்கு எல்லா x இலும் பொருள் இருக்கிறது, x → +∞ இல் அது −∞ க்குப் போகிறது. கழித்தலைத் திருப்பி tan⁻¹ x − π/2 என்று போட்டால் அது எப்போதும் மறை எண், ln க்குள் வைக்கவே முடியாது.

மூன்று சார்பும் ஒன்றுக்குள் ஒன்றாக வந்தால் எப்படிச் செய்வது? ஒரு கணக்கு முழுதாகச் செய்து காட்டுங்கோ.

இதைச் செய்வோம்:

```
f(x) = tan⁻¹( ln( e^(1/x) − 1 ) )
```

முதல் வேலை ஆட்சி. ln க்குள் இருப்பது நேர் எண்ணாக இருக்க வேண்டும், அதாவது e^(1/x) > 1, அதாவது 1/x > 0. ஆகவே x > 0 மட்டும். இடப்பக்கம் முழுவதும் ஒரே வரியில் கழிந்தது. இதைச் செய்யாமல் x → −∞ க்கும் x → 0⁻ க்கும் விடை தேடி அரைப் பக்கம் வீணாக்குகிறவர்கள் உண்டு.

மிஞ்சுவது இரண்டு முனைகள். x → 0⁺ இல் உள்ளிருந்து வெளியே வாருங்கள்:

```
1/x            → +∞
e^(1/x) − 1    → +∞
ln( … )        → +∞
tan⁻¹( … )     → π/2
```

x → +∞ இல்:

```
1/x            → 0⁺
e^(1/x) − 1    → 0⁺
ln( … )        → −∞
tan⁻¹( … )     → −π/2
```

இரண்டாவது சங்கிலியில் முக்கியமான படி இரண்டாம் வரி. 1/x என்பது 0⁺, ஆகவே e^(1/x) ஒன்றை மேலிருந்து அணுகுகிறது, ஒன்றைக் கழித்தால் 0⁺. இங்கே 0 என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரியில் ln 0 = −∞ என்று போட்டால் விடை தற்செயலாகச் சரிவரும், ஆனால் காரணம் தாளில் இல்லை.

வரைபு கீறச் சொன்னால் இன்னும் ஒரு புள்ளி வேண்டும். ln க்குள் இருப்பது 1 ஆகும்போது f = 0. அதாவது e^(1/x) = 2, x = 1/ln 2, ஏறத்தாழ 1.44. x கூடும்போது 1/x குறைகிறது, மற்ற மூன்று படிகளும் அந்த வரிசையைக் கலைப்பதில்லை, ஆகவே f தொடர்ந்து இறங்குகிறது. y அச்சுக்குப் பக்கத்தில் π/2 இலிருந்து புறப்பட்டு, 1.44 இல் x அச்சை வெட்டி, −π/2 ஐ நோக்கிப் போகும் வளையி. y அச்சைத் தொடும் இடத்தில் வெறும் வட்டம் போடுங்கள், அங்கே சார்பு இல்லை.

அந்தக் கணக்கைக் கணிப்பானில் பார்த்தேன். x = 100 க்கு −1.357 தான் வருது. −π/2 என்றால் −1.571 அல்லவா? விடை பிழையா?

விடை சரி, உங்கள் x போதாது. பத்து இலட்சம் போட்டுப் பாருங்கள், −1.4985 வரும். அதுவும் எட்டவில்லை.

என்ன நடக்கிறது என்றால், x பெரிதாகும்போது e^(1/x) − 1 ஏறத்தாழ 1/x. அதன் மடக்கை ஏறத்தாழ −ln x. அப்போது −π/2 க்கு இன்னும் மிச்சமிருக்கும் இடைவெளி ஏறத்தாழ 1/ln x. ln x ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறும் என்பதால் அந்த இடைவெளியும் ஊர்ந்து ஊர்ந்துதான் குறையும். இடைவெளியை 0.01 க்குக் கொண்டுவர ln x ஏறத்தாழ 100 ஆக வேண்டும், அதாவது x ஏறத்தாழ 2.7 × 10⁴³.

மற்ற முனையில் இப்படி இல்லை. x = 0.1 இல் f = 1.4711, x = 0.01 இல் 1.5608. அங்கே இடைவெளி ஏறத்தாழ x அளவுதான், ஆகவே இரண்டு தட்டலில் π/2 தெரிந்துவிடுகிறது. ஒரே சார்பின் இரு முனைகளில் வேகம் இவ்வளவு வேறுபடலாம். அட்டவணை போய்ச் சேரும் இடத்தை மட்டும் சொல்கிறது, போகும் வேகத்தைச் சொல்வதில்லை. அதனால் "பெரிய எண் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்" என்பதை ln வரும் இடத்தில் நான் சரிபார்ப்பாகக் கூட ஏற்பதில்லை.

கணிப்பான் வேறு விதமாகவும் ஏமாற்றும். e³⁰⁰ தட்டினால் சாதாரணக் கணிப்பானில் `Math ERROR`, ஏனென்றால் 10¹⁰⁰ க்கு மேல் அதனால் காட்ட முடியாது. e⁻³⁰⁰ தட்டினால் 0 என்று காட்டும். eˣ ஒருபோதும் 0 ஆவதில்லை. திரையின் 0, அட்டவணையின் 0⁺ அல்ல.

ln x வரைபைப் பார்த்தால் ஒரு கட்டத்துக்குப் பிறகு மட்டமாகிற மாதிரியே இருக்கு. tan⁻¹ x போல அதுக்கும் ஒரு கிடை அணுகுகோடு இருக்காதா?

இருக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் எண்களை வரிசையாகப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

x ஐ 10, 100, 1000 என்று பத்து மடங்காக்கிக்கொண்டு போங்கள். ln x: 2.303, 4.605, 6.908. ஒவ்வொரு முறையும் அதே 2.303 கூடுகிறது, கூடும் அளவு குறைவதே இல்லை. இப்போது π/2 − tan⁻¹ x ஐப் பாருங்கள்: 0.0997, 0.0100, 0.0010. ஒவ்வொரு முறையும் மிச்சம் பத்தில் ஒன்றாகிறது. முதலாவதுக்குக் கூரை இல்லை, இரண்டாவதுக்கு உண்டு.

நிறுவவேண்டுமானால் இப்படிக் கேளுங்கள்: நான் எந்த உயரம் M சொன்னாலும் அதைத் தாண்டும் x ஐ உங்களால் தர முடியுமா? ln க்கு முடியும், x > eᴹ எதுவானாலும் சரி. tan⁻¹ க்கு M = 1.6 என்றாலே கையை விரிக்க வேண்டியதுதான்.

ஏன் கண் ஏமாறுகிறது என்பதற்கு ஓர் அளவு. அச்சுகளில் 1 சென்ரிமீற்றருக்கு 1 என்று வைத்து ஏ4 தாளைப் படுக்கப் போட்டுக் கீறினால், 29.7 செ.மீ. முடியும் இடத்தில் வளையி 3.39 செ.மீ. உயரத்தில்தான் நிற்கும். 10 செ.மீ. உயரம் வேண்டுமானால் தாள் 220 மீற்றர் நீளமாக வேண்டும். தாளைக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை, சுமார் 400 கிலோமீற்றருக்கு விரித்தாலும் வளையி 17.5 செ.மீ. தான் ஏறியிருக்கும். அங்கேயும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

tan⁻¹ எல்லாம் வெறும் கணக்குக்குத்தானா? எங்கேயாவது கண்ணால் பார்க்கலாமா?

தாமரைக் கோபுரத்துக்குக் கீழே நின்று பார்க்கலாம். உயரம் சுமார் 350 மீற்றர். அடிப்பாகத்தின் அகலத்தையும் உங்கள் கண்ணின் உயரத்தையும் விட்டுவிட்டு, அதை மெல்லிய கம்பமாக வைத்துக்கொள்வோம். d மீற்றர் தூரத்தில் நின்று உச்சியைப் பார்த்தால் ஏற்றக்கோணம்

```
θ = tan⁻¹(350/d)
```

350 மீற்றர் தள்ளி நின்றால் 45°. 35 மீற்றரில் 84.3°. 3.5 மீற்றரில் 89.4°. d → 0⁺ எனும்போது 350/d → +∞, ஆகவே θ → π/2, கீழிருந்து. எவ்வளவு கிட்டப் போனாலும் உச்சி உங்கள் தலைக்கு நேர்மேலே வந்து தாண்டிப் பின்னால் போகாது. அந்தப் "போகாது" தான் கிடை அணுகுகோடு.

இங்கே பாகையில் சொன்னது காட்சிக்காக. எல்லைக் கணக்கில் ஆரையன்தான். கணிப்பான் `D` இல் கிடந்தால் tan⁻¹ 1000 க்கு 89.94 என்று காட்டும், அதைப் பார்த்துவிட்டு "முடிவிலிக்குப் போகிறது போல" என்று நினைத்த பிள்ளைகள் உண்டு.

ln x க்கு x → −∞ ஏன் அட்டவணையில் இல்லை?

ஆட்சி x > 0. அங்கே போக வழியில்லை. ln|x| என்று இருந்தால் x → −∞ இல் |x| → +∞, ஆகவே விடை +∞.

அடி e ஆக இல்லாவிட்டால்? 2ˣ, (1/2)ˣ, log₁₀ x?

அடி 1 ஐ விடப் பெரிதென்றால் அட்டவணை அப்படியே. aˣ = e^(x ln a), ln a நேர். log₁₀ x என்பது ln x ஐ 2.303 ஆல் வகுத்தது, போகுமிடம் மாறாது. அடி 0 க்கும் 1 க்கும் இடையில் என்றால் ln a மறை, இரு முனைகளும் இடம் மாறும்: (1/2)ˣ வலப்பக்கம் 0⁺, இடப்பக்கம் +∞.

tan⁻¹ x ஐ 1/tan x என்று எடுத்தால் என்ன வரும்?

x → +∞ இல் எல்லையே வராது. 1/tan x என்பது π க்கு ஒருமுறை திரும்பத் திரும்ப +∞ இலிருந்து −∞ வரை ஓடும் சார்பு. குறியீடு ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம்தான் இது. sin² x பழக்கத்தில் −1 ஐ அடுக்காகப் படிக்காதீர்கள்.

விடைத்தாளில் e^∞ = ∞, tan⁻¹ ∞ = π/2 என்று எழுதலாமா?

பக்கவாட்டில் பென்சிலால் எழுதி யோசியுங்கள், விடையில் எழுதாதீர்கள். ∞ ஓர் எண் அல்ல, அதைச் சார்புக்குள் பிரதியிட முடியாது. "x → +∞ ஆகும்போது tan⁻¹ x → π/2" என்று அம்புக்குறியோடு எழுதினால் நேரமும் கூடாது, குறை சொல்லவும் இடமிருக்காது. எல்லை +∞ என்று வரும் இடத்தில் "எல்லை முடிவுள்ளதாக இல்லை, சார்பு +∞ ஐ நோக்கிச் செல்கிறது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்.

அட்டவணை எப்ப கைவிடும்?

இரண்டு பகுதிகள் எதிரெதிராக இழுக்கும்போது. ஒன்று முடிவிலிக்குப் போக, அதைப் பெருக்குவது 0 க்குப் போகிறதென்றால், இரண்டு வரிகளையும் தனித்தனியாகப் பார்த்து விடை சொல்ல முடியாது.

x(π/2 − tan⁻¹ x) ஐ x → +∞ இல் பாருங்கள். முதல் காரணி +∞, இரண்டாவது 0⁺. அட்டவணை இதோடு நின்றுவிடும். இப்போது தாமரைக் கோபுரத்துக்குத் திரும்புங்கள்: உயரம் h, தரையில் உள்ள கோணம் tan⁻¹(h/d) என்றால் உச்சியில் உள்ள கோணம் tan⁻¹(d/h), இரண்டும் சேர்ந்தால் π/2. ஆகவே x > 0 க்கு π/2 − tan⁻¹ x = tan⁻¹(1/x). u = 1/x என்று வைத்தால் x → +∞ என்பது u → 0⁺ ஆகிறது, கேட்ட எல்லை (tan⁻¹ u)/u ஆகிறது. u = tan θ என்று போட்டால் அது θ/tan θ, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எல்லை, 1. மேலே பார்த்த 0.0997, 0.0100, 0.0010 என்ற வரிசையை 10, 100, 1000 ஆல் பெருக்கிப் பாருங்கள், 1 ஐ நெருங்குவது தெரியும்.

eˣ, ln x உடன் x இன் அடுக்குகள் மோதினால் வேறொரு விதி தேவை: x → +∞ இல் ln x ஐ x இன் எந்த நேர் அடுக்கும் வெல்லும், அந்த அடுக்கை eˣ வெல்லும். x¹⁰⁰/eˣ → 0 என்று சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. நியாயம்தான். x = 100 இல் மேலே 10²⁰⁰, கீழே வெறும் 2.7 × 10⁴³. சமப்படுவது x ஏறத்தாழ 647 இல், அதாவது ln x = x/100 ஆகும் இடத்தில். x = 1000 இல் மேலே 10³⁰⁰, கீழே ஏறத்தாழ 2 × 10⁴³⁴. அதற்குப் பிறகு மேலே உள்ளது எட்டிப் பிடிப்பதேயில்லை.

x → 0⁺ இல் x ln x வந்தாலும் இதே விதிதான். x = 1/u என்று மாற்றினால் −(ln u)/u, u → +∞. ln தோற்கிறது, விடை 0.